விழுங்கியும் கொல்லாத அணுக்கள்

1957ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் நான்கு சிறுவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிய தொல்லை அது. கழுத்தில் நெறி கட்டும், பழுக்கும், உடைந்து சீழ் வடியும். ஆறியது என்று நினைக்கும்போது அக்குளில் இன்னொன்று கிளம்பும். நுரையீரலில் சளி கட்டும். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும். திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு கட்டிய முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சுக்குப் பெயர் கிரானுலோமா. எந்த மருந்தும் நெடுநாள் காக்கவில்லை. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'உயிர்கொல்லும்' என்ற சொல் இருந்தது.

மருத்துவர்களைக் குழப்பியது ரத்தப் பரிசோதனை. நோய்க்கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதமே உடலில் உண்டாகாத குழந்தைகளை மருத்துவம் அப்போதுதான் கண்டுகொண்டிருந்தது. அவர்களைப் பற்றிய முதல் அறிக்கை 1952இல் வந்தது. இந்தச் சிறுவர்களுக்கும் அதே குறைதான் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இவர்கள் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவுக்கு அதிகமாகவே இருந்தது. கிருமியைத் தின்னும் வெள்ளணுக்களும் ஏராளம். படைக்கும் குறைவில்லை, ஆயுதத்துக்கும் குறைவில்லை. பிள்ளைகள் மட்டும் இறந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்பது துலங்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடை ஒரு நோயை விளக்கியதோடு நிற்கவில்லை. நம் வெள்ளணுக்கள் கிருமியை எப்படிக் கொல்கின்றன என்பதையே அதன் வழியாகத்தான் உலகம் கற்றது.

வெள்ளணுக்களில் எண்ணிக்கையில் மிகுந்தது நியூட்ரோஃபில். வளர்ந்த மனிதரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவருவது இதுதான். வந்த இடத்தில் கிருமியைக் கண்டதும் விழுங்கிவிடும் என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை. பல கிருமிகளின் மேற்பரப்பு வழுவழுப்பான உறையால் மூடியிருக்கிறது. வெள்ளணு அதன் மீது முட்டினாலும் பிடிமானம் கிடைக்காது.

இதை 1903இல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட், ஸ்டூவர்ட் டக்ளஸ் என்ற இருவர் எளிய ஒரு சோதனையில் காட்டினார்கள். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, உப்பு நீரில் நன்றாகக் கழுவி, கிருமிகளோடு கலந்தார்கள். வெள்ளணுக்கள் ஏறக்குறைய சும்மா இருந்தன. அதே கலவையில் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரைச் சேர்த்தார்கள். இப்போது ஒவ்வொரு வெள்ளணுவின் வயிற்றிலும் கிருமிகள். சீரத்தைச் சூடாக்கிவிட்டுச் சேர்த்தபோது அந்தச் சக்தி பெரும்பாலும் போய்விட்டது. அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள்: சீரம் வேலை செய்வது வெள்ளணு மீதல்ல, கிருமி மீது. கிருமியைச் சீரத்தில் ஊறவைத்தாலே போதும், அது வெள்ளணுவுக்கு இரையாகிவிடுகிறது.

கிருமியின் மேல் சீரம் எதைப் பூசுகிறது என்பது பிற்காலத்தில் தெளிவானது. ஒன்று ஆன்டிபாடி. அதன் ஒரு முனை கிருமியைப் பற்றும். வால் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் அந்த வாலைப் பிடிப்பதற்கென்றே கொக்கிகள் உண்டு. இன்னொன்று காம்ப்ளிமென்ட் என்ற புரதக் குடும்பம். அதில் சி-3 என்ற புரதம் உடைந்து, ஒரு துண்டு கிருமியின் தோலில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடிக்கத் தனிக் கொக்கிகள். சூட்டில் கெட்டுப்போனது இந்தக் காம்ப்ளிமென்ட் பகுதிதான். இப்படிக் கிருமிக்கு மேற்பூச்சிட்டு விழுங்கத் தோதாக்குவதைத்தான் ஆப்சனைசேஷன் என்கிறார்கள்.

பூச்சு விழுந்த கிருமியைத் தொட்டதும் நியூட்ரோஃபிலின் மேற்சவ்வு அதன் மீது வழிந்து ஏறும். கொக்கி ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட, சவ்வு கிருமியைச் சுற்றி வந்து வாய் மூடிவிடும். ஒரு நிமிடத்துக்குள் கிருமி ஒரு சின்னஞ்சிறு பைக்குள் சிறைப்பட்டு அணுவின் உள்ளே இருக்கும். இந்தப் பை, உள்நோக்கி மடங்கிய மேற்சவ்வினால் ஆனது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கதையின் திருப்பம் அந்தச் சவ்வில்தான் இருக்கிறது. செல்கள் இப்படி விழுங்குவதை 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் நட்சத்திர மீன் குஞ்சுகளில் கண்டு சொன்னவர் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிக்கோவ். 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி மின்னசோட்டாச் சிறுவர்களிடம் திரும்பலாம். 1966, 67ஆம் ஆண்டுகளில் அங்கே பியூலா ஹோம்ஸ், பால் குவீ, ராபர்ட் குட் ஆகியோரின் குழு அந்தச் சிறுவர்களின் வெள்ளணுக்களைச் சோதனைக் குழாயில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியோடு கலந்தது. கொஞ்சம் சீரமும் சேர்த்து, உடல் சூட்டில் மெல்லச் சுழல விட்டார்கள். நேரம் செல்லச் செல்ல ஒரு துளி எடுத்து, வெள்ளணுவை உடைத்து, உள்ளிருப்பதைக் கிருமி வளரும் தட்டில் பரப்பினார்கள். மறுநாள் தட்டில் எத்தனை புள்ளி முளைத்திருக்கிறதோ, அத்தனை கிருமி உயிரோடு இருந்தது என்று கணக்கு.

ஆரோக்கியமானவர்களின் வெள்ளணுக்கள் இரண்டு மணி நேரத்தில் மிகப் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றிருந்தன. சிறுவர்களின் வெள்ளணுக்களோ கிருமியை அதே வேகத்தில், அதே அளவில் விழுங்கியிருந்தன. கொல்லத்தான் இல்லை. விழுங்கப்பட்ட கிருமிகள் உள்ளே உயிரோடு இருந்தன. சீரத்தை மாற்றிப் பார்த்தார்கள்: நோயாளியின் சீரத்தோடு ஆரோக்கியமான வெள்ளணுவைச் சேர்த்தால் கிருமி செத்தது, ஆரோக்கியமான சீரத்தில் நோயாளியின் வெள்ளணுவை இட்டால் சாகவில்லை. ஆகவே மேற்பூச்சில் பழுதில்லை, விழுங்குவதிலும் பழுதில்லை. வயிற்றில் அக்கினி இல்லாதவன் உண்ட சோறு போல, உள்ளே போனது அப்படியே கிடந்தது.

விபரீதம் அதோடு முடியவில்லை. வெள்ளணுவுக்குள் புகாத ஆன்டிபயாடிக்குகள் பல உண்டு. ரத்தத்தில் மருந்து நிறைந்திருக்க, கிருமி அதற்கு எட்டாமல் வெள்ளணுவுக்குள் பத்திரமாக இருந்தது. அந்த வெள்ளணு செத்து உடையும்போது வெளியே வந்தது. அதை விழுங்க அடுத்த வெள்ளணு வந்தது. பென்சிலின் கொடுத்தும் பிள்ளைகள் பிழைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் இல்லாமற்போன அக்கினி எது? அதற்கான தடயம் முப்பது ஆண்டுகளாக ஒரு பழைய கட்டுரையில் காத்திருந்தது. 1933இல் பால்ட்ரிட்ஜ், ஜெரார்ட் என்ற இருவர், நாயின் வெள்ளணுக்களில் கிருமியைச் சேர்த்ததும் அவை திடீரென்று மிக அதிகமாக ஆக்சிஜனை உறிஞ்சுவதைக் கண்டார்கள். இதற்குத்தான் பின்னாளில் சுவாச வெடிப்பு என்று பெயர் வந்தது. விழுங்குவது கடினமான வேலை, அதற்குச் சக்தி தேவைப்படுகிறது, அதனால்தான் அணு மூச்சு வாங்குகிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் தவறு. ஆக்சிஜனே இல்லாத இடத்திலும் நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கும் என்பது 1959இல் ஸ்பாரா, கார்னாவ்ஸ்கி ஆகியோரின் ஆய்வில் தெரிந்தது. விழுங்கும் சக்திக்குச் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பதே அதற்குப் போதும். பிறகு அத்தனை ஆக்சிஜனும் எங்கே போனது?

மின்னசோட்டாக் குழு 1967இல் சிறுவர்களின் வெள்ளணுக்களில் இதையும் அளந்தது. கிருமியைச் சேர்த்த பிறகும் ஆக்சிஜன் உறிஞ்சும் அளவு ஏறவில்லை. வெடிப்பு இல்லை, கொலையும் இல்லை. ஆக்சிஜன் மூச்சுக்காக உறிஞ்சப்படவில்லை, ஆயுதம் செய்யவே உறிஞ்சப்பட்டது என்பது அங்கே நிலைபெற்றது. ஒரு நோயில் இல்லாமற்போன ஒன்றைக் கொண்டு அதன் பயனைக் கண்டறிந்ததற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் நோய் எதிர்ப்பியலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

ஆயுதம் எது என்பதை 1973இல் பெர்னார்ட் பேபியர் குழு சொன்னது. ஆக்சிஜன் மூலக்கூறில் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக ஏற்றினால் கிடைக்கும் சூப்பர் ஆக்சைடு அது. அதைச் செய்வது சவ்வில் பதிந்த ஒரு நொதி. ஓய்வு நேரத்தில் அது துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும்: இரண்டு துண்டுகள் சவ்வில், மூன்று துண்டுகள் அணுவின் உட்கூழில். கிருமியைச் சுற்றிக் கொக்கி மாட்டிய செய்தி உள்ளே போனதும், உட்கூழில் இருப்பவை சவ்வுக்கு ஓடிவந்து மற்ற இரண்டோடு பூட்டிக்கொள்ளும். பூட்டியதும் நொதி, அணுவின் உட்பக்கமிருந்து எலக்ட்ரானை எடுத்துச் சவ்வைக் கடத்தி, கிருமி கிடக்கும் பைக்குள்ளிருக்கும் ஆக்சிஜன் மீது ஏற்றும். அந்தப் பையின் சுவர் மேற்சவ்வே என்பதால், விஷம் சரியாகக் கிருமியின் பக்கமே சுரக்கிறது. நொதி பிரித்து வைக்கப்பட்டிருப்பதும் நல்லதற்குத்தான். எந்நேரமும் ஓடினால் சொந்தத் திசுவே வெந்துவிடும்.

சூப்பர் ஆக்சைடு சீக்கிரமே ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். நியூட்ரோஃபிலின் சிறு குருணைகளில் இருக்கும் இன்னொரு நொதி, அதை உப்பிலுள்ள குளோரைடோடு சேர்த்து ஹைபோகுளோரஸ் அமிலமாக்கும். வீட்டில் தரை கழுவும் பிளீச்சில் இருக்கும் அதே பொருள்தான்.

கிருமியை இந்தப் பிளீச்தான் கொல்கிறது என்று முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல். பிளீச் செய்யும் அந்த இரண்டாம் நொதி பிறவியிலேயே இல்லாதவர்கள் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். எனவே உயிர் காப்பது முதல் நொதியே தவிர, பிளீச் மட்டுமல்ல. எலக்ட்ரான்கள் பைக்குள் பாயும்போது உள்ளே அமிலத்தன்மை மாறுகிறது, பொட்டாசியம் நுழைகிறது. இதனால் குருணைகளிலுள்ள புரதம் கரைக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு கிருமியைச் செரிக்கின்றன என்று லண்டனின் ஆந்தனி சீகல் குழு வாதிட்டது. ஆக்சிஜன் விஷம் நேராகக் கொல்வது எவ்வளவு, நொதிகளை எழுப்புவதன் மூலம் கொல்வது எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த ஐந்து துண்டுகளில் ஏதாவது ஒன்றைச் செய்யும் மரபணு கெட்டால் வருவதுதான் நாள்பட்ட கிரானுலோமா நோய். அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. சவ்விலிருக்கும் பெரிய துண்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால், தாயிடமிருந்து பழுதான எக்ஸ் வந்தால் மகனுக்கு நோய் வரும். முதல் நான்கு பேரும் பையன்களாக இருந்தது இதனால்தான் புரிகிறது. மேலை நாடுகளில் நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த வகை. மற்ற துண்டுகளுக்கான மரபணுக்கள் வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய், பெண் குழந்தைக்கும் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம்மிடையே இந்த வகையையும் மனதில் வைக்க வேண்டும்.

நொதி இல்லாவிட்டாலும் எல்லாக் கிருமியும் இவர்களை வீழ்த்துவதில்லை. நிமோனியா தரும் நிமோகாக்கஸ் இவர்களுக்குத் தனித் தொல்லை தருவதில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ், செராஷியா, பர்க்ஹோல்டேரியா, நோகார்டியா, ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் காட்டலேஸ் நொதி இவற்றிடம் இருப்பதே காரணம் என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லின. காட்டலேஸ் நீக்கப்பட்ட ஸ்டஃபிலோகாக்கஸையும் ஆஸ்பெர்ஜில்லஸையும் இந்த நோயுள்ள எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அவையும் முன்போலவே எலிகளைக் கொன்றன. பழைய விளக்கம் போதாது என்று ஆனது.

நம் ஊர்க் குழந்தை ஒன்றில் இது எப்படித் தெரியவரும் என்று பார்ப்போம். ஒன்றேகால் வயது ஆண்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் இடது தோளில் பி.சி.ஜி. போட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அங்கே சிறு கொப்புளம் வந்து தழும்பாகும். இவனுக்கு நான்காம் மாதம் இடது அக்குளில் நெறி கட்டி, உடைந்து, மாதக்கணக்கில் கசிந்தது. பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி; அதையும் இவன் வெள்ளணுக்கள் விழுங்கிவிட்டுக் கொல்லாமல் வைத்திருந்தன. இப்போது இரண்டு வாரமாகக் காய்ச்சல், வயிறு உப்பல். ஸ்கேனில் கல்லீரலில் சீழ்க்கட்டி. ஊசி செலுத்தினால் இறங்கும் வழக்கமான நீர்த்த சீழ் வரவில்லை. இந்த நோயில் கல்லீரல் கட்டி பெரும்பாலும் கெட்டியாக, அறை அறையாக இருக்கும். கிடைத்த துளியில் ஸ்டஃபிலோகாக்கஸ் வளர்ந்தது. வெள்ளணு எண்ணிக்கை அதிகம், ஆன்டிபாடி அதிகம். அம்மாவின் தம்பி ஒருவர் சிறு வயதில் 'நெஞ்சுச் சளி'யில் இறந்தார் என்று பாட்டி சொல்கிறார்.

சின்னக் குழந்தைக்குக் கல்லீரலில் ஸ்டஃபிலோகாக்கஸ் சீழ்க்கட்டி என்ற ஒன்றே போதும், டாக்டர் இந்த நோயை நினைக்க வேண்டும். பரிசோதனைக்கு டி.எச்.ஆர். என்று பெயர். ரத்தத்தில் ஒளிராத ஒரு சாயத்தைச் சேர்த்து, வெள்ளணுக்களை ஒரு ரசாயனத்தால் தூண்டுவார்கள். சுவாச வெடிப்பு நடந்தால் சாயம் பச்சையாக ஒளிரும். ஒவ்வொரு வெள்ளணுவும் எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கருவி அளந்து வரைபடமாகப் போடும். ஆரோக்கியமானவரின் வரைபடத்தில் தூண்டியதும் மேடு முழுவதும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். இவனுடையது இடப்பக்கமே நிற்கும். அவன் அம்மாவின் ரத்தத்தில் இரண்டு மேடுகள் தெரியும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்றுதான் வேலை செய்கிறது. நல்ல எக்ஸ் விழித்திருக்கும் அணுக்கள் வலப்பக்கம், பழுதான எக்ஸ் விழித்திருப்பவை இடப்பக்கம். பிள்ளையின் நோய் எந்த வழியாக வந்தது என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் புதிதாக இருக்க வேண்டும். நியூட்ரோஃபில் சீக்கிரம் சோர்ந்துபோகும் அணு. தூர ஊரிலிருந்து தாமதமாகவோ வெயிலில் சூடேறியோ வந்த ரத்தம், நோயில்லாதவரையும் நோயாளி போலக் காட்டலாம். அதனால்தான் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே பெட்டியில் கூடவே அனுப்பச் சொல்கிறார்கள்.

நோய் இன்னது என்று தெரிந்துவிட்டால் செய்ய நிறைய இருக்கிறது. தினசரி கோட்ரிமோக்சசோல் தருவார்கள். மலிவான பழைய மருந்துதான். ஆனால் வெள்ளணுவுக்குள் புகும் என்பதே அதன் சிறப்பு. பூஞ்சைக்கு இட்ராகோனசோல். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 39 நோயாளிகளுக்கு மாறி மாறி அந்த மருந்தும் வெற்று மருந்தும் தரப்பட்டன; கடுமையான பூஞ்சைத் தொற்று வெற்று மருந்துக் காலத்தில் ஏழு பேருக்கும், மருந்துக் காலத்தில் ஒருவருக்கும் வந்தது. நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. பொருத்தமான கொடையாளி கிடைத்து, உறுப்புகள் கெடுவதற்கு முன் செய்தால் பலன் நன்றாக இருக்கிறது. சென்னையிலும் வேலூரிலும் செய்கிறார்கள். செலவும் அபாயமும் சிறியதல்ல. நோயாளியின் சொந்த மஜ்ஜை செல்லிலேயே மரபணுவைச் சரிசெய்து திருப்பிச் செலுத்தும் முயற்சிகள் ஆய்வு நிலையில் நடக்கின்றன.

இந்த நோயின் இன்னொரு முகத்தை மருத்துவர்கள்கூடச் சில சமயம் தவறவிடுகிறார்கள். சுவாச வெடிப்பு கிருமியைக் கொல்வதோடு, வீக்கத்தை முடித்துவைக்கவும் உதவுகிறது. அது இல்லாதபோது கிருமி போனபின்னும் வீக்கம் அடங்குவதில்லை. கிரானுலோமா பெருத்து இரைப்பையின் வாயை அடைக்கும், பிள்ளை சாப்பிட்டதை வாந்தி எடுக்கும். பெருங்குடல் புண்ணாகி ரத்தப்போக்கு வரும். அப்போது தேவைப்படுவது ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு ஸ்டீராய்டா என்று பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் கல்லீரல் கட்டியில்கூட ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்துப் பெரிய அறுவையைத் தவிர்க்க முடிகிறது.

இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டாருக்குச் சில வார்த்தைகள். வைக்கோல் போர், எருக்குழி, மக்கிய சருகு, இடிக்கும் பழைய கட்டடம் இவற்றின் அருகே பிள்ளையை விடாதீர்கள். மக்கியதைக் கிளறும்போது எழும் பூஞ்சைத் தூள் ஒரே மூச்சில் நிறையப் போனால், சில நாட்களில் இரண்டு நுரையீரலும் அடைபடும் கடும் நோய் வரும். உயிருள்ள வைரஸால் ஆன தடுப்பூசிகளை, தட்டம்மை ஊசி போன்றவற்றை, இவர்களுக்குப் போடலாம், பி.சி.ஜி.யைத் தவிர்க்க வேண்டும். ஆகவே வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் உறுதியாகி, அடுத்த குழந்தை பிறக்கப்போகிறது என்றால், பிரசவ அறைக்குப் போகும் முன்பே டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லிவையுங்கள்: டி.எச்.ஆர். முடிவு வரும்வரை இந்தக் குழந்தைக்கு பி.சி.ஜி. போட வேண்டாம்.